பலகையை வெறுமையாக விடுங்கள்

கும்பகோணத்தில் 'செங்கமலம் காபி' என்று ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஐந்து விநாடி விளம்பரம் வேண்டும். அந்தி நேரத் தெரு, வாசலில் மஞ்சள் விளக்கு, கேமரா மெதுவாகக் கடையை நோக்கி நகர்கிறது, மேலே பெயர்ப்பலகை. இதைச் செயற்கை நுண்ணறிவு வீடியோ மாடலிடம் கேட்டால் தெருவும் விளக்கும் ஆவியும் அழகாக வந்துவிடும். பலகையில் மட்டும் தமிழ் போலத் தெரிகிற, ஆனால் எந்த மொழியிலும் இல்லாத கோடுகள் இருக்கும். கேமரா நகர நகர அந்தக் கோடுகளும் உருமாறிக்கொண்டே போகும்.

மறுபடி மறுபடி உருவாக்கிப் பார்ப்பதில் பலர் பணத்தையும் நேரத்தையும் இழக்கிறார்கள். கோளாறு மாடல் வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. அதனால் முயற்சிகளைக் கூட்டுவதால் அது தீராது.

2025 பிப்ரவரியில் அலிபாபா வெளியிட்ட வான் 2.1 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளமைப்பு வெளிப்படையாகக் கிடைப்பதால் விளக்குவது எளிது. சாதாரணமாக அது 832×480 புள்ளி அளவில், விநாடிக்கு 16 பிரேம் வீதம், 81 பிரேம்கள் தரும். ஆனால் அது படத்தை நேரடியாகப் புள்ளி புள்ளியாக வரைவதில்லை. படத்தின் சுருக்கிய வடிவம் ஒன்றில்தான் முழு வேலையும் நடக்கிறது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் ஒரு கட்டமாகின்றன, அடுத்தடுத்த நான்கு பிரேம்கள் ஒன்றாகின்றன. அந்தக் கட்டத்துக்குள் இருந்த 768 வண்ண எண்கள் 16 எண்களாகச் சுருங்குகின்றன. கடைசியில் அந்தச் சுருக்கத்தை விரித்துத்தான் நமக்கு வீடியோ கிடைக்கிறது.

நம் பலகை அந்தச் சட்டத்தில் ஏறத்தாழ 240 புள்ளி அகலமும் 40 புள்ளி உயரமும் இருக்கும். எழுத்தின் உயரம் 24 புள்ளி என்றால், அதைத் தாங்க மேலிருந்து கீழாக மூன்றே கட்டங்கள். 'ங்', 'ம்' இவற்றின் தலையில் இருக்கும் புள்ளி ஒரு கட்டத்தில் பாதிகூட வராது. 'செ'யின் கொம்புச் சுழியும் அப்படித்தான். உண்மையான பலகையைப் படம்பிடித்து இப்படிச் சுருக்கி விரித்தாலே சிறிய எழுத்துகள் கலங்கிப்போகும். இங்கே மாடல் எழுத்தைத் தானே கற்பனை செய்யவும் வேண்டியிருக்கிறது.

கற்பனை செய்வதில்தான் இரண்டாவது சிக்கல். கோடிக்கணக்கான படங்களைப் பார்த்து, கடைக்கு மேலே பலகை இருக்கும், பலகையில் கோடுகள் இருக்கும் என்று மாடல் கற்றிருக்கிறது. மரத்தின் இலைகளுக்கு இந்த அளவு அறிவு போதும். ஓர் இலை இடம் மாறினால் யாருக்கும் தெரியாது. எழுத்தில் ஒரு புள்ளி போனாலே வேறு எழுத்தாகிவிடுகிறது. நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்பும் எழுத்தின் உருவமாக அதற்குள் போவதில்லை. துண்டு துண்டாக உடைந்து, பொருளைச் சுட்டும் எண்களாகத்தான் போகிறது. வான் 2.1 சீனமும் ஆங்கிலமும் எழுதும் என்று அதை உருவாக்கியவர்கள் அறிவித்தார்கள். பெரிய, குறுகிய சொற்களில் அது ஓரளவு சரியாகவே வரும். தமிழுக்கு அந்தப் பயிற்சி இல்லை.

லோகோவின் நிலை இன்னும் மோசம். ஒரு வணிகச் சின்னத்தின் வளைவும் நிறமும் துல்லியமாக இருந்தால்தான் அது அந்த நிறுவனத்தின் சின்னம். மாடல் தருவதோ அதைப் போன்ற ஒன்று. 'கிட்டத்தட்ட' என்பதற்குச் சின்னத்தில் இடமில்லை.

ஆகவே எழுத்தைப் பிறகு ஒட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். காட்சியைத் திட்டமிடும் தாளிலேயே எந்தச் சொல், எங்கே, எத்தனை விநாடி என்று குறித்துவிடுங்கள். விலை, முகவரி, தொலைபேசி எண் ஆகியவை திரைமேல் தட்டையாக நிற்பவை. அவற்றுக்கு ஓர் ஓரத்தில் அமைதியான இடம், வெறும் சுவரோ வானமோ, விட்டுவைத்தால் போதும். செங்குத்து வீடியோ என்றால் கீழ்ப்பகுதியைத் தவிர்ப்பது நல்லது. செயலியின் பொத்தான்களும் தலைப்பும் அங்கேதான் வந்து மூடும்.

பெயர்ப்பலகைதான் கவனம் கேட்பது. குறிப்பில் கடையின் பெயரை எழுதவே வேண்டாம், எழுதினால் மாடல் கிறுக்க ஆரம்பிக்கும். 'எழுத்து வேண்டாம்' என்று சொல்வதும் சில நேரம் எழுத்தையே அழைத்து வரும். வேண்டாதவற்றைத் தனியாக எழுத ஒரு கட்டம் இருந்தால் அதை அங்கே போடுங்கள். குறிப்பில், 'வாசலுக்கு மேல் பெயின்ட் அடிக்காத மரப்பலகை, நான்கு மூலையிலும் ஆணி, மரத்தின் ரேகைகள் தெரிகின்றன' என்று இருப்பதை மட்டும் சொல்லுங்கள். ஆணியும் ரேகையும் அலங்காரத்துக்கு அல்ல. பின்னால் பலகையின் அசைவைப் பின்தொடரப்போகும் மென்பொருளுக்குப் பிடிமானம் வேண்டும், வழுவழுப்பான வெள்ளைப் பலகையில் அது கிடைக்காது. நான்கு மூலைகளும் ஐந்து விநாடியும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். பலகைக்கு முன்னால் ஆளோ வண்டியோ கடக்கக் கூடாது.

வீடியோ வந்ததும் உடனே எழுத்தை ஒட்டிவிடாதீர்கள். உருவான பலகையே நிலையாக இருக்காது. மரத்தின் ரேகைகள் ஊரும், ஒரு மூலை மெல்ல நீளும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மோக்காவும், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரும் ஒரு தளத்தின் அசைவைப் பின்தொடர்ந்து, அதன் நான்கு மூலைகளில் நம் படத்தைப் பொருத்தித் தரும். முதலில் வெறும் கட்டக்கோடு வரைந்த படத்தைப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். கோடுகள் பலகையோடு சேர்ந்தே நகர்ந்தால் நல்லது. அவை தனியாக மிதந்தால் அந்தக் காட்சியைக் கைவிட்டு வேறொன்று உருவாக்குவதே சிக்கனம். காபிக் கோப்பை கையில் சுழலும்போது அதன்மேல் சின்னம் வேண்டும் என்று கேட்டால், நான் மறுத்துவிடுவேன். வளைந்த பரப்பு, நகரும் விரல்கள், மாறும் ஒளி எல்லாம் சேர்ந்த அந்த வேலைக்கு உண்மையான கோப்பையை ஒரு கேமராவில் எடுப்பது எளிது.

அடுத்தது வரிசை. படத்தைப் பெரிதாக்குவது, இடைப் பிரேம்களைச் சேர்ப்பது எல்லாம் எழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எழுத்தை ஒட்டிய பிறகு அவற்றைச் செய்தால், பெரிதாக்கும் மாடல் நம் நல்ல எழுத்தையும் திருத்தி எழுதிவிடும். பலகை எழுத்தை நிறத் திருத்தத்துக்கு முன் சேர்க்க வேண்டும், அப்போதுதான் அந்திநேரச் சாயல் அதன்மேலும் படியும். திரைமேல் நிற்கும் லோகோவை நிறத் திருத்தத்துக்குப் பின் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுவனத்தின் சிவப்பு காவியாகிவிடும். பலகை எழுத்தின் கறுப்பு, காட்சியில் உள்ள நிழலைவிடக் கறுப்பாக இருந்தால் ஒட்டியது பளிச்சென்று தெரியும். அதைக் கொஞ்சம் வெளிறச் செய்து, ஓரத்தை அரைப் புள்ளியளவு மங்கலாக்கி, படத்தில் இருக்கும் அதே துகளைத் தூவினால் மரத்தில் பதிந்துவிடும்.

தமிழுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சில வீடியோ மென்பொருள்களில் நேரடியாகத் தட்டச்சு செய்தால் 'செ'யின் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கும். இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் எழுதி, சரிபார்த்து, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பு. தட்டையான லோகோ மட்டும் என்றால் ffmpeg ஒரே வரியில் மேல் வலது மூலையில் வைத்துவிடும்:

```
ffmpeg -i kadai.mp4 -i logo.png -filter_complex "overlay=W-w-40:40" mudivu.mp4
```

இரண்டு 40-களும் ஓரங்களிலிருந்து விடும் இடைவெளி. `kadai.mp4` எழுத்தில்லாத மூலப்படமாக அப்படியே இருக்கும். அதை அழிக்காதீர்கள். அடுத்த மாதம் காபி விலை ஏறினாலோ தொலைபேசி எண் மாறினாலோ, எழுத்துப் படத்தை மட்டும் மாற்றி மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.