கனவில் ஒரு கல்யாணம்: யாருக்கு என்ன அர்த்தம்?

“கனவுல கல்யாணம் நடந்துச்சும்மா” என்று விடிந்ததும் மகள் சொன்னால், பல வீடுகளில் அம்மாவின் முகம் சுருங்கிவிடும். செத்ததுபோல் கனவு கண்டால் ஆயுசு கெட்டி, கல்யாணம் நடப்பதுபோல் கண்டால் வீட்டுக்கு ஆகாது என்பது நம் ஊர்ப் பக்கம் வெகுகாலமாகச் சொல்லிவரும் பேச்சு. கனவைக் கண்டவள் சந்தோஷமாக எழுந்திருப்பாள். அவளைக் கூப்பிட்டுச் சாமி விளக்கின் முன்னால் நிறுத்தி, திருநீறு பூசி, “யார்கிட்டயும் சொல்லாத” என்று அனுப்பிவைப்பார்கள். நாள் முழுக்க அந்தப் பெண்ணுக்கு இல்லாத பயம் ஒன்று கூடவே இருக்கும்.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அர்த்தெமிதோரஸ் என்ற கிரேக்கர் கனவுப் பலன்களை ஐந்து பாகங்களில் எழுதிவைத்தார். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் குறிசொல்லிகளோடு பழகி, யார் என்ன கனவு கண்டார்கள், அதன்பின் என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தவர் அவர். நோயாளி ஒருவர் தனக்குக் கல்யாணம் நடப்பதாகக் கனவு கண்டால் அது சாவுக்கு அறிகுறி. கல்யாணமாகாதவர் தான் செத்ததாகக் கண்டால் அவருக்குக் கல்யாணம் கூடிவரும் என்கிறார். அதற்கு அவர் தரும் காரணம் எளிமையானது. இரண்டு சடங்குகளிலும் ஊர்வலம், மாலை, நறுமணப் பொருள், கூடிவரும் உறவு என்று எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. நம் வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வாசலில் பந்தல், இரண்டுக்கும் கோடித்துணி, இரண்டுக்கும் மாலை, இரண்டுக்கும் வராத உறவெல்லாம் வந்து சேரும். சாவு பயம் கல்யாணக் கனவோடு ஒட்டிக்கொண்டது இந்த ஒற்றுமையால்தான் என்று நினைக்கிறேன். அதில் வருங்காலத்தைச் சொல்லும் சக்தி எதுவும் இல்லை.

அர்த்தெமிதோரஸின் பலன்களை விட்டுவிடலாம். அவருடைய முறை ஒன்று மட்டும் இன்றைக்கும் பொருந்தும். கனவைக் கேட்பதற்கு முன் கண்டவர் யார், கல்யாணமானவரா, என்ன தொழில், உடம்பு எப்படி என்று விசாரிக்கச் சொல்கிறார். ஒரே கனவு இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் பேசும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இப்போது தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். 1953இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், தூங்குபவரின் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் நேரம் ஒன்று இருப்பதை எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தத் தூக்கம் வந்து போகும். விடியவிடிய அதன் நீளம் கூடும். விடியற்காலைக் கனவு அத்தனை தெளிவாக நினைவில் நிற்பது இதனால்தான். அதே வேளையில் மூளையில் பயத்தையும் ஆசையையும் கிளப்பும் பகுதி விழித்திருக்க, எடைபோட்டுப் பார்க்கும் முன்பகுதி அடங்கியிருக்கும். மணவறையில் பக்கத்தில் இருப்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கனவில் நாம் “யாருங்க நீங்க?” என்று கேட்பதில்லை. பயம் மட்டும் முழுதாக இருக்கும், கேள்வி இருக்காது.

கல்யாணமாகாதவர்கள் சொல்லும் கனவுகளில் மண்டபமும் கூட்டமும் தெளிவாக இருக்கும், மாப்பிள்ளையின் முகம் தெரியாது. அல்லது முகூர்த்தம் நெருங்குகிறது, புடவை கட்டி முடியவில்லை. தாலியைக் காணோம் என்று எல்லோரும் தேடுகிறார்கள். என் உறவுப் பெண் ஒருத்திக்கு, வரன் பார்க்கத் தொடங்கிய மாதத்தில் இப்படி ஒரு கனவு வந்தது. மேடை ஏறிவிட்டாள், கையில் அலுவலக மடிக்கணினி இருக்கிறது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “மாப்பிள்ளை யாரு?” என்று கேட்டேன். “அதைப் பாக்கவே இல்ல சித்தி, அதை யார்கிட்டக் கொடுக்கறதுன்னுதான் தேடிட்டே இருந்தேன்” என்றாள். முந்தின நாள் வந்து போனவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேலையைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவளுடைய கவலை கல்யாணமும் அல்ல, மாப்பிள்ளையும் அல்ல. வேலை.

கல்வின் ஹால் என்ற உளவியலாளர் ஆயிரக்கணக்கான கனவுகளை எழுதி வாங்கி, அவற்றில் வரும் ஆட்கள், இடங்கள், சண்டைகள், உணர்ச்சிகளை எண்ணிப் பார்த்தார். பகலில் மனத்தை அரிப்பதுதான் இரவிலும் தொடர்கிறது என்பது அவர் வந்தடைந்த முடிவு. கனவு நாளைய சேதியைக் கொண்டுவருவதில்லை. நேற்றைய சேதியைத்தான் வேறு உடையில் கொண்டுவருகிறது.

கல்யாணமாகாத பெண்ணின் கனவு என்றால் தமிழில் ஆண்டாளைத் தாண்டிப் போக முடியாது. நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகம், ‘வாரணமாயிரம்’ என்று நாம் அறிந்தது, முழுக்கத் தோழியிடம் சொல்லும் கல்யாணக் கனவு. வைணவக் கல்யாணங்களில் இன்றும் தேங்காய் உருட்டும்போது அதைப் பாடுகிறார்கள். கவிதையாகச் செதுக்கப்பட்டது என்பதால் தூக்கத்தில் வரும் கனவைவிட ஒழுங்காக இருக்கிறது: யானைகள் சூழ மாப்பிள்ளை வருகிறான், நாள் குறிக்கிறார்கள், பெண் கேட்டு இந்திரனும் தேவர்களும் வருகிறார்கள், நாத்தனார் முறையில் துர்க்கை கூறை உடுத்தி மாலை சூட்டுகிறாள், காப்புக் கட்டுகிறார்கள், கைப்பிடிக்கிறான், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடல், யானைமேல் ஊர்வலம். தாலி கட்டும் காட்சி இல்லை என்பதைத் தமிழறிஞர்கள் நெடுங்காலமாகப் பேசிவருகிறார்கள்.

எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த பெண் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. ஆனால் கனவில் அண்ணன்மார் வந்து அவள் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்துப் பொரியை அள்ளிப் போடச் செய்கிறார்கள். விழித்திருக்கும் உலகில் அவளுக்கு இல்லாத உடன்பிறப்பைக் கனவு கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் விரும்பும் மணவாளனோ ஊரார் பேசி முடிக்கக்கூடிய வரன் அல்ல. கனவிலோ ஊர் மட்டுமல்ல, வானுலகமே பெண் கேட்டு வருகிறது, மறுப்பவர் ஒருவரும் இல்லை. காதலன் வேண்டும் என்பதோடு, எல்லோரும் கூடி நின்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் அந்தக் கனவில் இருக்கிறது. வீட்டில் சொல்ல முடியாத காதலை வைத்துக்கொண்டிருக்கும் பெண்களும் ஆண்களும் இன்று காணும் கல்யாணக் கனவிலும் அப்பா சிரித்துக்கொண்டு நிற்பார். கவனித்துப் பாருங்கள், அவர்கள் விழித்ததும் அழுவது அப்பாவின் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான்.

கல்யாணமானவர்களின் கனவு இன்னும் மறைவாகப் பேசும். சில நேரம் அதில் மணமேடையே இருக்காது. வியன்னாவில் ஃபிராய்டிடம் ஒரு பெண் சொன்ன கனவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இளம் வயதுதான், ஆனால் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கணவரோடு நாடகக் கொட்டகையில் இருக்கிறாள். ஒரு பக்கத்து இருக்கைகள் முழுக்கக் காலி. தோழியும் அவளுக்கு நிச்சயமானவரும் வர நினைத்தார்கள், மூன்று டிக்கெட் ஒன்றரை ஃபுளோரினுக்கு மோசமான இடத்தில்தான் கிடைத்தது, அதனால் வாங்கவில்லை என்று கணவர் சொல்கிறார். அவர்கள் வாங்கியிருந்தாலும் ஒன்றும் குடிமுழுகியிருக்காது என்று இவள் நினைக்கிறாள். கனவு அவ்வளவுதான்.

ஃபிராய்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து, இதைச் சொன்னதும் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டார். ஏறக்குறைய தன் வயதேயான தோழிக்கு இப்போதுதான் நிச்சயமாயிற்று என்று முந்தின நாள்தான் கணவர் சொல்லியிருந்தார். காலி இருக்கை: போன வாரம் ஒரு நாடகத்துக்கு அவசரப்பட்டு, கூடுதல் கட்டணம் கட்டி முன்கூட்டியே டிக்கெட் வாங்கினாள், போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது, எதற்கு இந்த அவசரம் என்று கணவர் கேலி செய்தார். ஒன்றரை ஃபுளோரின்: நாத்தனாருக்கு அவள் கணவர் 150 ஃபுளோரின் பரிசு கொடுக்க, அவள் உடனே ஓடிப்போய் நகை வாங்கிவிட்டாள். மூன்று: தோழி இவளைவிட மூன்று மாதம்தான் இளையவள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது அவசரம். நாடக டிக்கெட் என்பது இங்கே கல்யாணம். நான் எதற்கு அவ்வளவு அவசரப்பட்டேன், காத்திருந்த தோழிக்கு இப்போதும் கிடைத்துவிட்டதே, காத்திருந்தால் நூறு மடங்கு நல்லவர் கிடைத்திருப்பாரே என்பதே அந்தப் பெண் உள்ளுக்குள் வைத்திருந்த நினைப்பு என்று ஃபிராய்டு முடித்தார். கணவரைப் பற்றித் தனக்கு இப்படி ஒரு எண்ணம் இருந்ததை அவள் அறிந்திருக்கவில்லை, கேட்டு வியந்தாள்.

ஃபிராய்டின் விளக்கம் இது ஒன்றுதான் சரி என்று நிரூபிக்க வழியில்லை. அவருடைய கோட்பாடுகள் பலவற்றை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதுமில்லை. அவர் கேட்ட விதம் மட்டும் பயன்படும்: கனவின் மொத்தக் கதையை விட்டுவிட்டு, ஒட்டாத ஒரு விவரத்தைப் பிடித்து, அது நேற்று எங்கே இருந்தது என்று தேடுவது.

கல்யாணமான பலரைக் குற்ற உணர்ச்சியில் தள்ளும் கனவு ஒன்று உண்டு. வேறொருவர் தாலி கட்டுவதாக வரும், அல்லது கணவருக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடக்கும். அது நடக்கப்போவதற்கு அடையாளம் அல்ல, கண்டவரின் ஒழுக்கத்துக்குச் சான்றும் அல்ல. ஆனால் அதன் சூடு வீட்டுக்குள் இறங்கும். டிலன் செல்டர்மன் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் காதல் உறவில் இருந்த மாணவர்களை இரண்டு வாரம் கனவும் நாட்குறிப்பும் எழுதவைத்து 2014இல் வெளியிட்டார்கள். துணை துரோகம் செய்ததாகக் கனவு கண்டவர்கள் அதற்கடுத்த நாட்களில் துணையிடம் நெருக்கம் குறைந்ததாக எழுதியிருந்தார்கள். துணை ஒன்றும் செய்யவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். காலையில் காரணமில்லாமல் கணவர்மேல் எரிச்சல் வந்தால், இரவு என்ன கண்டீர்கள் என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

சொந்தக் கணவரையே மறுபடி மணப்பதாகவும் கனவு வரும். இடம் மாற்றல், முதல் குழந்தை, மகளின் கல்யாணப் பேச்சு என்று குடும்பம் ஒரு படி மாறும் காலத்தில் அது வரலாம். அங்கேயும் பார்க்க வேண்டியது மனநிலையைத்தான். இரண்டாம் முறை மாலை மாற்றும்போது சந்தோஷமா, “இது ஏற்கெனவே ஆயிடுச்சே” என்ற சலிப்பா?

கனவைப் படிக்க நினைப்பவர்கள் எழுந்த உடனே, முகம் கழுவப் போகும் முன், இரண்டு வரி எழுதிவைக்கலாம். கொஞ்ச நேரத்திலேயே கரைந்துவிடும். எது துருத்திக்கொண்டிருந்தது, அப்போது மனம் எப்படி இருந்தது, நேற்றும் போன வாரமும் அந்தப் பொருளோ பேச்சோ எங்கே வந்தது என்ற மூன்றையும் எழுதினால் போதும். எதுவும் பிடிபடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எல்லாக் கனவுக்குள்ளும் சேதி இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரே கனவு வாரக்கணக்கில் திரும்பிவந்து, தூங்கவே பயமாக இருந்தால், அது கனவுப் பலன் புத்தகத்துக்கான விஷயமில்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் மகளோ மகனோ கெட்ட கனவு கண்டேன் என்று வந்து நின்றால், பெற்றோர் தயவுசெய்து ஜோசியரிடம் ஓட வேண்டாம், அந்தக் கனவை நம்பிச் சம்பந்தத்தை முறிக்கவும் வேண்டாம். “இதுல உனக்கு எது பயமா இருக்கு?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்துபோகாதீர்கள். கல்யாணம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதைக் கனவாக நினைக்காமல் அவர்களுடைய வார்த்தையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.