நான்கு எடிட்டர்கள், ஒரே ஃபுட்டேஜ்: எந்தச் சேமிப்பகம் தாங்கும்?

டைம்லைனில் மூன்று நொடி ஓடிய காட்சி நின்று, தாவி, மறுபடி நிற்கிறது. 'ஃபிரேம் டிராப்' என்று எச்சரிக்கை வருகிறது. எடிட்டர் முதலில் கம்ப்யூட்டரைத்தான் சந்தேகப்படுவார். பல நேரங்களில் குற்றவாளி ஃபுட்டேஜ் வந்துசேரும் வழி.

ஒரு சின்ன சோதனையில் இது தெரிந்துவிடும். அதே கிளிப்பை உள்ளேயிருக்கும் எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். சீராக ஓடினால் கோளாறு சேமிப்பகத்திலோ நெட்வொர்க்கிலோ இருக்கிறது. அப்போதும் திணறினால் கம்ப்யூட்டர்தான் காரணம். கேமராவிலிருந்து நேராக வரும் எச்.264 போன்ற கோப்புகள் அளவில் சிறியவை. ஆனால் அவற்றைப் பிரித்துக் காட்டப் பிராசஸர் நிறைய உழைக்க வேண்டும்.

சேமிப்பகம் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நெட்வொர்க் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பு நகரும் வேகத்தைப் பைட்டில் காட்டுவார்கள். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 'ஒரு கிகாபிட்' கேபிளில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் வரும்.

நான்கு எடிட்டர்கள் ஒரு வெப் சீரிஸில் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். 4கே புரோரெஸ் 422, நொடிக்கு 25 ஃபிரேம். இதில் ஓர் ஓட்டத்துக்கு நொடிக்குச் சுமார் 62 மெகாபைட் வேண்டும். மூவர் தலா இரண்டு கேமரா காட்சிகளை அடுக்கி ஓட்டினால் ஆறு ஓட்டம். நான்காமவர் நான்கு கேமரா மல்டிகேம் திறந்தால் மொத்தம் பத்து ஓட்டம், அதாவது 620 மெகாபைட். ரெண்டர், நகலெடுப்பு எல்லாவற்றுக்கும் இடம் விட்டு 800 என்று வையுங்கள். இந்த எண்ணை வைத்து மூன்று வழிகளையும் பார்க்கலாம்.

முதலாவது டாஸ்: கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகும் டிஸ்க். 10 கிகாபிட் யு.எஸ்.பி.யில் நல்ல எஸ்.எஸ்.டி. நொடிக்கு 1000 மெகாபைட்டை நெருங்கும். மல்டிகேம் எடிட்டருக்கு வேண்டிய 248 மெகாபைட் இதற்குப் பெரிய சுமையே இல்லை. வேகத்தில் குறையில்லாவிட்டாலும் ஃபுட்டேஜ் ஒருவரிடம் மட்டுமே இருக்கும். நால்வருக்கு நான்கு பிரதி எடுத்தால், எது கடைசி வடிவம் என்ற குழப்பம் ஒரு வாரத்தில் வந்துவிடும். தனியாக வேலை செய்பவருக்கு இதுவே போதும்.

இரண்டாவது நாஸ்: நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் பெட்டி. ஒரு கிகாபிட் போர்ட்டோடு வாங்கினால் நம் 620-க்கு 110 எந்த மூலைக்கும் போதாது. பெட்டியிலிருந்து ஸ்விட்சுக்கு 10 கிகாபிட் வேண்டும். அதில் ஏறக்குறைய 1000 மெகாபைட் கிடைக்கும். இரண்டு ஓட்டம் ஓட்டுபவர்களின் மேசைக்கு 2.5 கிகாபிட் போதும். மல்டிகேம் மேசைக்கு மட்டும் 10 கொடுங்கள்.

ஏமாற்றம் வரும் இடங்கள் இரண்டு. முதலாவது, வழியில் ஒரே ஒரு பழைய ஸ்விட்ச் இருந்தாலும் இணைப்பு ஒரு கிகாபிட்டுக்கு இறங்கிவிடும். நகலெடுக்கும்போது வேகம் 110-லேயே கோடு போட்டது போல நின்றால் அதுதான் அடையாளம். இரண்டாவது டிஸ்க். ஒரு ஹார்ட் டிஸ்க் ஒரே கோப்பைத் தொடர்ந்து படிக்கும்போது 200 மெகாபைட் தரலாம். பத்து ஓட்டங்களுக்காக அதன் முள் அங்குமிங்கும் தாவும்போது வேகம் நொறுங்கிவிடும். நடக்கிற வேலையை எஸ்.எஸ்.டி.யிலும் முடிந்ததை ஹார்ட் டிஸ்க்கிலும் வைப்பதே வழி. வாங்கியதும் நால்வரும் ஒரே நேரத்தில் 'பிளே' அழுத்திப் பாருங்கள். ஒருவர் மட்டும் சோதித்த வேகத்துக்கு மதிப்பில்லை.

மூன்றாவது சான். நாஸ் கோப்பைத் தரும். சான் வெறும் டிஸ்க் பகுதிகளைத் தரும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதைத் தன் சொந்த டிஸ்க் என்றே நினைக்கும். இருவர் ஒருங்கிணைப்பில்லாமல் அதில் எழுதினால் எல்லாம் சிதைந்துபோகும். அதைத் தடுக்க ஸ்டோர்நெக்ஸ்ட் போன்ற பொதுக் கோப்பு முறையும், யார் எங்கே எழுதுகிறார் என்று கணக்கு வைக்கும் சர்வரும் தேவை. பெரும்பாலும் ஃபைபர் சேனல் கார்டுகளும் தனி ஸ்விட்சும் வேண்டும்; பராமரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

இவ்வளவு செலவு எப்போது நியாயம்? 10 பிட் டி.பி.எக்ஸ். வடிவில் 4கே ஃபிரேம் ஒன்று சுமார் 33 மெகாபைட். நொடிக்கு 25 என்றால் ஒரே ஓட்டம் 830 மெகாபைட்டைத் தின்னும். கலர் கிரேடிங்கில் இப்படிச் சுருக்காத ஃபுட்டேஜைப் பலர் ஒரே நேரத்தில் ஓட்டும் இடங்களுக்குச் சான் பொருந்தும்.

நம் நால்வருக்கு 10 கிகாபிட் நாஸ்தான் சரி. அதற்கும் இப்போது பணமில்லையென்றால் 1080 புராக்ஸி செய்து வெட்டுங்கள். ஓர் ஓட்டத்துக்கு 5 மெகாபைட்தான் ஆகும். பத்து ஓட்டத்துக்கு 50. பழைய ஒரு கிகாபிட் கேபிளே அதைத் தாங்கும்.