சிசி லிமிட்டை உயர்த்தக் கேட்கும் முன்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி. வங்கியில் 20 லட்ச ரூபாய் கேஷ் கிரெடிட் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு விற்பனை ஒரு கோடி, இந்த ஆண்டு 1.40 கோடி, அடுத்த ஆண்டு 1.50 கோடி எதிர்பார்க்கிறார். ‘வியாபாரம் வளர்ந்திருக்கு சார், லிமிட்டைக் கொஞ்சம் ஏத்திக் கொடுங்க’ என்று மட்டும் கேட்டால், ரிலேஷன்ஷிப் மேனேஜரால் அதிகம் செய்ய முடியாது. பெரும்பாலும் அனுமதி தருபவர் அவர் இல்லை. கடன் பிரிவுக்குக் குறிப்பு எழுதி அனுப்புபவர் அவர்; அதில் எழுதக் கணக்கு வேண்டும்.

சிறு தொழில்களுக்கு வங்கிகள் பொதுவாகப் பார்ப்பது நாயக் குழு வகுத்த முறை. எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை. அதில் 5 சதவீதம் உரிமையாளர் போட வேண்டும், 20 சதவீதம் வங்கி தரலாம். 1.50 கோடிக்கு 30 லட்சம் வருகிறது. ஆக, 10 லட்சம் கூட்டிக் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது. ஜிஎஸ்டி ரிட்டனில் இருப்பது வரி சேராத விற்பனை. வங்கிக்கு வருவது வரியும் சேர்ந்த பணம். 5 சதவீத வரி என்றால் 1.40 கோடி விற்றவருக்கு 1.47 கோடி வரவேண்டும். வங்கிக் கணக்கிலோ 90 லட்சம்தான் வரவு. மீதி எங்கே? கொஞ்சம் வசூலாகாத பாக்கியாக இருக்கலாம். பெரும்பகுதி வேறு வங்கிக் கணக்குக்குப் போயிருந்தால், லிமிட் கேட்பதற்குச் சில மாதங்கள் முன்பே அதை இந்தக் கணக்குக்குத் திருப்பிவிட வேண்டும். கேள்வி வந்தபின் சொல்லும் சமாதானம் எடுபடாது.

கேஷ் கிரெடிட்டுக்கு மாதத் தவணை கிடையாது. அதனால் ‘ஒழுங்காகக் கட்டியவர்’ என்பதை வங்கி வேறு விதமாகப் படிக்கிறது: மாத வட்டி தாமதமில்லாமல் கட்டப்பட்டதா, லிமிட்டைத் தாண்டியதுண்டா, கொடுத்த செக் திரும்பியதா. இதைவிட நுணுக்கமானது ஒன்றுண்டு. ஆண்டு முழுவதும் பாக்கி 19.8 லட்சத்திலேயே நின்றால், பணம் எங்கோ முடங்கிவிட்டது என்ற சந்தேகம் வரும். சீசன் முடிந்ததும் 8, 9 லட்சத்துக்கு இறங்கி மறுபடி ஏறும் கணக்குதான் நல்ல கணக்கு. அப்படி இறங்கிய மாதங்களைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். சரக்கு 24 லட்சம், 90 நாளுக்குள் வரவேண்டிய பாக்கி 20 லட்சம், நூல்காரருக்குத் தரவேண்டியது 10 லட்சம் என்றால் நிகரம் 34 லட்சம். வங்கி 25 சதவீதம் மார்ஜின் கழித்தால் எடுக்க முடிவது 25.5 லட்சம்தான். 30 லட்சம் அனுமதியானாலும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் அனுமதிக்கும் அளவே கைக்கு வரும். எனவே, பழைய பாக்கிகளை வசூலித்துவிட்டு, தீபாவளிக் கொள்முதலுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.