மீதிகளைப் பெருக்கினால் போதும்

p ஒரு பகா எண், a ஏதேனும் ஒரு முழு எண் என்றால், aᵖ-ஐ p-ஆல் வகுத்தாலும் a-ஐ p-ஆல் வகுத்தாலும் ஒரே மீதிதான் வரும். இதை aᵖ ≡ a (மட்டு p) என்று எழுதுவார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஃபெர்மா 1640-இல் தம் நண்பர் ஃப்ரெனிக்கலுக்கு எழுதிய கடிதத்தில் இந்த உண்மையைத் தெரிவித்தார். நிரூபணம் நீண்டுவிடும் என்று அதை எழுதாமல் விட்டார். உண்மையில் அது அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். மீதிகளைப் பெருக்கிக் காட்டும் வழியை 1806-இல் ஜேம்ஸ் ஐவரி வெளியிட்டார்.

p = 7, a = 3 என்று வைத்துக்கொள்வோம். 7-ஆல் வகுக்கும்போது வரக்கூடிய பூஜ்ஜியமல்லாத மீதிகள் 1, 2, 3, 4, 5, 6. ஒவ்வொன்றையும் 3-ஆல் பெருக்கினால் 3, 6, 9, 12, 15, 18. இவற்றை 7-ஆல் வகுத்தால் மீதிகள் முறையே 3, 6, 2, 5, 1, 4. பழைய ஆறு எண்களே வரிசை மாறி வந்திருக்கின்றன.

இது தற்செயல் அல்ல. 3i, 3j இரண்டும் ஒரே மீதியைத் தந்தால், அவற்றின் வித்தியாசமான 3(i − j) 7-ஆல் வகுபட வேண்டும். 7 பகா எண் என்பதால், 3-ஐயாவது i − j-ஐயாவது அது வகுத்தாக வேண்டும். 3-ஐ வகுக்காது. i − j-யோ 7-ஐவிடச் சிறியது. அது வகுபட வேண்டுமானால் பூஜ்ஜியமாக இருந்தால்தான் உண்டு. ஆகவே எந்த மீதியும் இரண்டு முறை வராது. பூஜ்ஜியமும் வராது என்பது இதே காரணத்தால்தான்.

இனி இரு வரிசைகளையும் தனித்தனியே பெருக்கலாம். ஒரு பக்கம் 3⁶ × (1×2×3×4×5×6). மறு பக்கம் வெறும் 1×2×3×4×5×6. எண்கள் ஒன்றே என்பதால் இரண்டுக்கும் மீதி ஒன்றே. பொதுவான 720, 7-ஆல் வகுபடாது. அதனால் அதை இரு பக்கமும் நீக்கலாம். எஞ்சுவது 3⁶ ≡ 1. சரிபார்க்க: 729 = 7 × 104 + 1. இன்னொரு 3-ஆல் பெருக்கினால் 3⁷ ≡ 3. எந்தப் பகா எண்ணுக்கும், அதனால் வகுபடாத எந்த a-க்கும் இதே வாதம் வரிக்கு வரி பொருந்தும். a, p-யின் மடங்காக இருந்தால் இரு பக்கமும் பூஜ்ஜியம். அங்கே நிரூபிக்க ஒன்றுமில்லை.

பகா எண் என்ற நிபந்தனை எங்கே வேலை செய்கிறது என்பதை 6 காட்டிக்கொடுக்கும். 1 முதல் 5 வரை 5-ஆல் பெருக்கினால் மீதிகள் 5, 4, 3, 2, 1. இங்கும் வரிசைதான் மாறுகிறது. ஆனால் பெருக்கற்பலன் 120, 6-இன் மடங்கு. அதை நீக்க முடியாது. நீக்கினால் 5⁵ ≡ 1 என்று தவறாக வரும். 3125-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 5.

தேற்றத்தைத் திருப்பிப் படிக்கவும் கூடாது. 561 = 3 × 11 × 17 பகா எண் அல்ல; இருந்தும் எல்லா a-க்கும் a⁵⁶¹ ≡ a (மட்டு 561).