வெள்ளிக்கிழமை சலவை, ஞாயிறு பாலிஷ்: சின்ன வீட்டுக்கு ஒரு ஷூ அட்டவணை

நடந்து தேய்ந்து வீணாகும் ஷூக்களைவிட, ஈரத்தோடு அலமாரிக்குள் போய் வீணாகும் ஷூக்களே நம் ஊரில் அதிகம். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. காலையில் போட்ட ஷூவை மாலையில் கழற்றும்போது, வெளியே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே நல்ல ஈரம் இருக்கும். அது முழுதாகக் காய ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அதற்குள் மூடிய பெட்டிக்குள் வைத்தால் நாற்றம் பிடிக்கும், பூஞ்சணம் பூக்கும், ஒட்டுப் பசை தளரும். பெரிய வீட்டில் ஷூவைக் காற்றாட விட்டுவிடலாம். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் எல்லாம் ஒரே ராக்கில் நெருங்கிக் கிடக்கும். அதனால் சின்ன வீட்டின் ஷூ பராமரிப்பைக் காயும் நேரத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

சென்னையில் வாடகை ஃபிளாட்டில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஆபீஸ் போகத் தோல் ஷூ, அம்மாவுக்கு வாக்கிங் ஷூவும் வேலைக்குப் போட்டுப்போகும் செருப்பும். பள்ளிக்குப் போகும் மகளுக்கும் மகனுக்கும் ஆளுக்கொரு கறுப்பு ஷூ, பி.டி. வகுப்புக்கு ஒரு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. வாசலுக்கு உள்ளே 2 அடி அகலத்தில் நான்கு தட்டு ராக்.

முதலில் இடக் கணக்கு

பெரியவர்களின் ஒரு ஜோடி ஷூ சுமார் 8 அங்குல அகலம் பிடிக்கும். 2 அடித் தட்டில் மூன்று ஜோடி, நான்கு தட்டில் பன்னிரண்டு. ஆளுக்கு மூன்று ஜோடிதான் இந்த ராக்கின் கொள்ளளவு. அதற்கு மேல் திணித்தால் ஒன்றின் அடிப்பாகம் இன்னொன்றின் மேல் ஏறும், காற்றும் நுழையாது. ஜோடியில் ஒன்றை நுனி முன்னால் வரும்படியும் மற்றொன்றைக் குதிகால் முன்னால் வரும்படியும் வைத்தால் கொஞ்சம் இடம் மிச்சமாகும். பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன ஷூக்களை உடனே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பல வீடுகளில் ராக்கின் கீழ்த்தட்டை அடைத்துக்கொண்டிருப்பது அவைதான். மீதியைப் பொது வராந்தாவில் பரப்ப வேண்டாம். அவசரத்தில் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது.

அன்று போட்ட ஷூ அன்றிரவே ராக்குக்குள் போகக் கூடாது. ராக்கை ஒட்டிய சுவரோரம் பழைய செய்தித்தாளை விரித்து, குதிகால் தரையிலும் நுனி மேலேயும் இருக்கும்படி சுவரில் சாய்த்து வையுங்கள். இப்படிச் சாய்த்தால் தரையில் கொஞ்ச இடமே போகும், அடிப்பாகத்துக்கும் காற்று கிடைக்கும். லேஸைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மெத்தை அட்டை கழன்று வருமானால் அதையும் எடுத்து வைக்க வேண்டும். சாக்ஸை ஷூவுக்குள்ளேயே சுருட்டி வைக்கும் பழக்கத்தை வீட்டில் யாருக்கும் விடாதீர்கள்.

வாரம் எப்படி ஓடும்?

புதன் இரவு பத்து நிமிடம் போதும். எல்லா ஷூக்களையும் உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, பிள்ளைகளின் கறுப்பு ஷூவை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இப்போது விற்கும் பள்ளி ஷூக்களில் பெரும்பாலானவை செயற்கைத் தோல். பாலிஷ் அதற்குள் இறங்காது; மேலே படலமாக நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்குத் துடைப்பே போதும்.

வெள்ளி மாலை கேன்வாஸ் ஷூ சலவை. பல வீடுகளில் இதை ஞாயிறு காலைக்குத் தள்ளுகிறார்கள். கேன்வாஸின் குதிகால் பகுதி தடிமனானது. அது காய ஒரு முழு நாள் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். ஞாயிறு துவைத்தால் திங்கள் காலை பிள்ளை ஈர ஷூவோடு போகும். வெள்ளி துவைத்தால் இரண்டு நாள் முழுதாகக் கிடைக்கிறது. லேஸையும் மெத்தை அட்டையையும் தனியே எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத் தூளும் கொண்டு தேயுங்கள். நுரை துளியும் வராதவரை அலசுவது முக்கியம். துணிக்குள் தங்கிய சோப்பு, ஈரம் ஆவியாகும்போது மேலே வந்து மஞ்சள் கறையாகப் படியும். அலசிய பின் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிக் காயவைத்தால் அந்தக் கறை காகிதத்தில் இறங்கிவிடும். பிளீச்சிங் பவுடர் துணியை நைந்துபோகச் செய்யும். அதைத் தொட வேண்டாம்.

சனிக்கிழமை ராக்கின் முறை. அதைக் காலிசெய்து துடைத்து, உலர்ந்த பிறகு தட்டுகளில் புதிய செய்தித்தாள் விரிக்க வேண்டும். நாற்றமுள்ள ஷூவுக்குள், பழைய சாக்ஸில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவை முடிந்து இரவு வைத்தால் பெரும்பாலும் நீங்கும்.

ஞாயிறு காலை அப்பாவின் தோல் ஷூவுக்குப் பாலிஷ். சனிக்கிழமை ஓய்வில் அது நன்றாகக் காய்ந்திருக்கும் என்பதால்தான் ஞாயிறு. ஈரத்தோலில் மெழுகு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். லேஸைக் கழற்றி, தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு டப்பா பாலிஷை மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் கழித்துப் பிரஷ் போட வேண்டும். தடவியது தடித்துப்போனால் மடிப்புகளில் வெள்ளையாகப் படிந்து காட்டிக்கொடுக்கும். உடனடிப் பளபளப்பு தரும் திரவ பாலிஷை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையே நம்பினால் தோலுக்கு ஊட்டம் கிடைக்காமல் நாளடைவில் மடிப்புகளில் வெடிப்பு விடும்.

மழையில் நனைந்தால்

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த அட்டவணை அப்படியே ஓடாது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். தாள் ஈரமாக வருவது நிற்கும்வரை மாற்ற வேண்டும். பிறகு ஃபேன் காற்றுப் போதும். கொளுத்தும் வெயில், அடுப்பு, ஹேர் டிரையர் மூன்றும் தோலை விறைக்கவைத்து, சோலை ஒட்டிய பசையை இளக்கிவிடும். வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தால் வெளியே கொண்டுபோய்த் தட்டி, சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்து துணியில் தொட்டுத் துடைத்துக் காயவையுங்கள். மழைக்காலத்தில் காலை விடும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுவதும் அவசியம். பூரானும் தேளும் ஒளிந்துகொள்ளும் இடம் அது.

பத்திரப்படுத்தியதே கெடும்

'கல்யாணத்துக்கு மட்டும்' என்று பெட்டியில் வைத்த ஷூ, சில ஆண்டுகள் கழித்து மண்டபத்தில் நாலடி நடப்பதற்குள் சோல் பொடிப்பொடியாக உதிர்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆன மெத்தென்ற சோல்கள், காற்றிலுள்ள ஈரத்தால் போடாமலே மெல்லச் சிதையும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது சீக்கிரம் நடக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடி உதிர்ந்தாலோ அந்தச் சோலின் ஆயுள் முடிந்தது. பசை வைத்து ஒட்டினாலும் நிற்காது; மேல்பாகம் நன்றாக இருந்தால் தைப்பவரிடம் புது சோல் போட்டுக்கொள்ளலாம்.

எனவே ராக்கில் இடம் குறைவாக இருக்கும் வீட்டில் விசேஷத்துக்கென்று தனி ஷூவைப் பல ஆண்டுகள் பூட்டி வைப்பதில் லாபம் எதுவும் இல்லை. ஆளுக்கு மூன்று ஜோடி வைத்துக்கொண்டு, மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒவ்வொன்றும் காய ஒரு நாள் கொடுங்கள்.