வெளிநாட்டு டிவிடெண்டுக்கு எந்த ஊர்ல வரி?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் அனுப்புன கேள்வி இதுதான்: "என்கிட்ட அமெரிக்க கம்பெனி ஷேர் இருக்கு. டிவிடெண்ட் வரும்போதே அங்க வரி பிடிச்சிடுறாங்க. இங்க எதுக்கு மறுபடியும் கட்டணும்? சிங்கப்பூர்ல இருக்கிற என் ஃப்ரெண்ட் கட்டுறதே இல்லையே?" நியாயமான கேள்வி. ஆனா அதுல பாதிதான் உண்மை.

முதல்ல அடிப்படை. இந்தியா உலகளாவிய வரிமுறையைப் பின்பற்றுது. பொதுவா ஒரு நிதியாண்டுல 182 நாளோ அதுக்கு மேலயோ நீங்க இங்க இருந்தா, வரிச் சட்டத்தோட பார்வையில நீங்க இந்தியாவுல 'குடியிருப்பவர்'. அப்புறம் உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் அது இங்க கணக்குல வரும். சிங்கப்பூர் எல்லைக்குட்பட்ட வரிமுறையைப் பின்பற்றுது. அங்க குடியிருக்கிற தனிநபருக்கு, வெளிநாட்டுல இருந்து வர்ற டிவிடெண்டுக்கு பொதுவா வரி கிடையாது.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். கவின் சென்னைல இருக்கான், 30 சதவீத ஸ்லாப். நிலா சிங்கப்பூர்ல வேலை பாக்குறா. ரெண்டு பேருமே இந்தியக் குடிமக்கள்தான். ஒரே அமெரிக்க கம்பெனி ஷேர்ல இருந்து ஆளுக்கு 1,00,000 ரூபாய் மதிப்புள்ள டிவிடெண்ட் வருது.

இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கு. அதனால கவினுக்கு அமெரிக்கா 25 சதவீதம், அதாவது 25,000 பிடிக்குது. இந்தியாவுல செஸ்ஸோட சேத்து அவன் வரி 31,200. அங்க கட்டுன 25,000-ஐ இங்க கழிச்சுக்கலாம். மிச்சம் 6,200 கட்டினா போதும். மொத்தச் செலவு 31,200. ரெண்டு தடவை முழு வரி யாரும் வாங்கல.

நிலாவுக்கு சிங்கப்பூர் வரி பூஜ்யம். ஆனா சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தமே கிடையாது. அதனால அமெரிக்கா முழுசா 30 சதவீதம், 30,000 பிடிச்சிடும். 'வரியே இல்ல'ன்னு சொன்ன நிலாவுக்கும், 'ரெண்டு தடவை கட்டுறேன்'னு புலம்புற கவினுக்கும் வித்தியாசம் வெறும் 1,200 ரூபாய்!

அப்போ வித்தியாசம் எங்க தெரியும்?

ரெண்டு பேரும் அதே ஷேரை வித்து, ஆளுக்கு 1,00,000 லாபம் பாக்குறாங்கன்னு வைங்க. அமெரிக்கா தன் நாட்டுல குடியிருக்காத வெளிநாட்டவங்ககிட்ட ஷேர் வித்த லாபத்துக்கு பொதுவா வரி வாங்குறதில்ல. கவின் 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா இந்தியாவுல 12.5 சதவீதமும் செஸ்ஸும், ஆக 13,000 கட்டணும். நிலா முதலீட்டாளரா வாங்கி வித்திருந்தா பூஜ்யம், ஏன்னா சிங்கப்பூர்ல மூலதன லாப வரியே இல்ல.

இதுதான் சூட்சுமம். வருமானம் பிறந்த நாடு நிறைய வரி வாங்கிட்டா, ரெண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த நாடு விட்டுக்கொடுத்தா, உலகளாவிய வரிமுறை அந்த இடத்தை நிரப்பிடும். எல்லைக்குட்பட்ட முறை அப்படியே விட்டுடும்.

கழிவு எங்க கை நழுவும்?

இங்க உங்க வரி எவ்வளவோ, அதுக்கு மேல கழிவு கிடைக்காது. கவின் 20 சதவீத ஸ்லாப்ல இருந்தா இந்திய வரி 20,800தான். அமெரிக்காவுல போன 25,000-ல மிச்ச 4,200 போனது போனதுதான், யாரும் திருப்பித் தரமாட்டாங்க.

இன்னொண்ணு. ப்ரோக்கர்கிட்ட `W-8BEN` படிவம் ஒழுங்கா குடுக்கலன்னா ஒப்பந்த விகிதம் கிடைக்காம 30 சதவீதம் பிடிச்சிடுவாங்க. அந்தக் கூடுதல் 5 சதவீதத்துக்கு இந்தியா கழிவு தராது. ப்ரோக்கர் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, பிடித்தத்தை டிவிடெண்டால வகுத்துப் பாருங்க. 0.25 வந்தா சரி, 0.30 வந்தா படிவத்துல ஏதோ கோளாறு.

கழிவு தானா வராது, அதுக்குன்னு தனிப் படிவம் போடணும். ரிட்டர்ன்ல `Schedule FA`-வையும் நிரப்பணும். டிவிடெண்டே வரலைன்னாலும், ஷேர் கையில இருந்தாலே அதைக் காட்டணும்.

கடைசியா, ரிமோட் வேலை

'வெளிநாட்டுச் சம்பளம்தானே, சிங்கப்பூர்ல உக்காந்து அமெரிக்க கம்பெனிக்கு வேலை பாத்தா வரி இல்லையே'ன்னு சிலர் நினைக்கிறாங்க. அது நடக்காது. சம்பளம் எங்க பிறக்குதுங்கிறதை முடிவு பண்றது பொதுவா நீங்க உக்காந்து வேலை செய்யிற இடம். பணம் அனுப்புற பேங்க் எந்த நாட்டுல இருக்குங்கிறது இல்ல. நிலா லேப்டாப் சிங்கப்பூர்ல இருந்தா, அந்தச் சம்பளம் சிங்கப்பூர்லயே பிறந்த வருமானம், வரி உண்டு.

பல வருஷம் வெளியில இருந்துட்டு ஊர் திரும்புறவங்களுக்கு, இந்தியாவும் கொஞ்ச காலம் வெளிநாட்டு வருமானத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்குது. அந்தச் சலுகைக்கு நாள் எண்ணுறது எப்படின்னு அடுத்த எபிசோடுல பேசுவோம். அதுவரைக்கும் அந்த ஸ்டேட்மென்ட்டைத் திறந்து வகுத்துப் பாத்துடுங்க!