வேறு வேலையை ஏற்றுக்கொண்டாயிற்று. இரண்டு முறை பேசிய நிறுவனத்துக்கு என்ன எழுதுவது?

வேலைக்கான முதல் நேர்காணல் பெரும்பாலும் வடிகட்டுவதற்குத்தான். இரண்டாவது சுற்றுக்கு அழைத்துத் துறை மேலாளரே உட்கார்ந்து பேசினார் என்றால், உங்கள் பெயர் இரண்டு மூன்று பேர் மட்டுமே இருக்கும் பட்டியலுக்குள் வந்திருக்கும். உங்களுக்கு அடுத்த இடத்தில் இருப்பவரிடம் உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லாமல் எச்.ஆர். காக்கவைத்திருக்கலாம். இந்த நேரத்தில் வேறு நிறுவனத்தில் சேரச் சம்மதித்துவிட்டு, இங்கே ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவது பலரும் செய்கிற காரியம். சங்கடமாக இருக்கிறது என்பது ஒரு காரணம். புது வேலை கைநழுவினால் இது இருக்கட்டுமே என்ற நினைப்பு இன்னொன்று.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு மருந்து மௌனம் அல்ல, சரியான நேரம். போனில் ‘உங்களை எடுத்துக்கொண்டோம்’ என்று சொன்னதை நம்பி எந்த விண்ணப்பத்தையும் திரும்பப் பெறாதீர்கள். பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் எழுதிய ஆஃபர் லெட்டர் கைக்கு வர வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு போன்ற நிபந்தனை ஏதாவது அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு தயங்க வேண்டியதில்லை.

கோவையில் கணக்குப் பிரிவில் வேலை தேடும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு பம்பு தயாரிப்பு நிறுவனத்தில் வியாழக்கிழமை இரண்டாவது சுற்று முடிகிறது. திங்கள்கிழமை வேறொரு நிறுவனத்திலிருந்து ஆஃபர் லெட்டர் வருகிறது. மாலையே சம்மதம் தெரிவித்துவிடுகிறார். செவ்வாய் காலை பம்பு நிறுவனத்தின் எச்.ஆருக்கு எழுதுகிறார். புது மெயிலாக அல்ல, நேர்காணலுக்கு அழைத்து வந்த அதே மெயிலுக்குப் பதிலாக. தினமும் நூறு மெயில் பார்க்கிறவருக்கு யார், எந்த வேலை என்று தேட வேண்டிய வேலை மிச்சம். வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார், விஷயம் இவ்வளவுதான்:

“வணக்கம். கணக்கு அலுவலர் பணிக்காக என்னை இரண்டு முறை அழைத்துப் பேசியதற்கு நன்றி. வேறொரு நிறுவனத்தில் கிடைத்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்தப் பணிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். கிடங்கு இருப்பை மாதக் கடைசியில் சரிபார்க்கும் முறையை மேலாளர் விளக்கியது எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. அவருக்கும் என் நன்றியைத் தெரிவியுங்கள்.”

இதில் முக்கியமானது ‘திரும்பப் பெறுகிறேன்’ என்ற வினைதான். ‘இப்போதைக்குத் தொடர முடியாத சூழ்நிலை’ என்று எழுதியிருந்தால், பேரம் பேச இடம் இருக்கிறது என்று எச்.ஆர். எடுத்துக்கொள்வார், மறுபடி போன் வரும். அடுத்தவரை அழைக்கலாமா என்ற குழப்பமும் தீராது. மேலாளர் சொன்ன ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டது, எல்லோருக்கும் அனுப்பும் வாசகம் இது இல்லை என்று காட்டுகிறது. பொதுவாக ‘நல்ல அனுபவம்’ என்று எழுதினால் அந்தப் பலன் கிடைக்காது.

கடிதத்தில் இல்லாதவற்றையும் பாருங்கள். புது நிறுவனத்தின் பெயர் இல்லை, சம்பளம் இல்லை, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்ற விளக்கம் இல்லை, நீண்ட மன்னிப்பும் இல்லை. இன்னொரு வேலையை ஏற்பது குற்றமில்லையே. ‘வீட்டில் உடம்பு சரியில்லை’ என்று பொய்க்காரணம் சொல்வது மட்டும் கூடவே கூடாது. ஒரே ஊரில், ஒரே தொழிலில் ஆள் எடுக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

மெயில் போன பிறகு, “எவ்வளவு தருகிறார்கள்? நாங்களும் பார்க்கலாமே” என்று அழைப்பு வரலாம். “கேட்டதற்கு நன்றி சார், வாக்குக் கொடுத்துவிட்டேன்” என்று சொன்னால் போதும். தொகையைச் சொன்ன நிமிடமே பேச்சு பேரமாகிவிடும்.

கன்சல்டன்சி மூலம் போயிருந்தால் முதலில் அவர்களுக்குப் போனில் சொல்லிவிடுங்கள். நிறுவனத்திலிருந்து அவர்களுக்குத் தெரியவந்தால், அடுத்த முறை உங்கள் பெயரைப் பரிந்துரைக்கத் தயங்குவார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்திருந்தால் அங்கேயும் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் உங்களுடன் நேரில் பேசியவர்களுக்கு அந்தப் பட்டனை அழுத்துவது மட்டும் பதில் ஆகாது.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்ட அன்றே, தாமதமானால் மறுநாள் காலைக்குள், இந்த மெயிலை அனுப்பிவிடுங்கள். பட்டியலில் உங்களுக்கு அடுத்து இருப்பவர் போனைப் பார்த்தபடி காத்திருக்கிறார்.